பாப் ஆர்ட் முகம் சரியாக வரவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

அறுபதாம் கல்யாணம், பணி ஓய்வு, பிறந்தநாள் என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக, வீட்டில் ஒருவருடைய முகத்தை நாலு நிறத்தில் பாப் ஆர்ட் படமாக மாற்றிக் கேட்டு என்னிடம் வருவார்கள். அதில் பாதிப் பேர் தாங்களே ஃபோட்டோஷாப்பில் முயன்று, நடுவில் சிக்கி, அந்தக் கோப்போடு வருபவர்கள். கோப்பைத் திறந்து பார்த்தால் கோளாறு திரும்பத் திரும்ப அதே சிலவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், நேரமும் பணமும் கேட்கும் காரணம் கடைசியில் வரும்.

நான் சொல்வதெல்லாம் கீழே இருக்கும் லேயர் வரிசையை வைத்துத்தான். லேயர் பேனலில் மேலிருந்து கீழாக இப்படி இருக்க வேண்டும்:

```
Gradient Map
Posterize : Levels 4
Curves
Black & White
Photo
```

படம் கீழேயிருந்து மேலே போகிறது. நிறப் படம் முதலில் சாம்பலாகிறது, பிறகு வெளிச்சம் சரிசெய்யப்படுகிறது, பிறகு நாலு படிகளாக வெட்டப்படுகிறது. கடைசியில்தான் ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறம் ஏறுகிறது.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றுதான். Gradient Map லேயரின் கண்ணை அணைத்துவிட்டு, அடியில் இருக்கும் சாம்பல் படத்தைப் பாருங்கள். அந்தச் சாம்பலில் முகம் முகமாகத் தெரியவில்லை என்றால் எந்த நிறத்தைப் போட்டாலும் தெரியாது. நிறத்தை மாற்றி மாற்றி மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்களின் கோப்பில் பெரும்பாலும் பழுது இருப்பது அங்கேதான்.

## நான் தேர்ந்தெடுக்காத நிறங்கள் படத்தில் இருக்கின்றன

நாலு நிறம் கொடுத்தீர்கள். படத்திலோ ஏழெட்டு நிறம் இருக்கிறது, சில இடங்கள் சேற்று நிறமாக இருக்கின்றன.

வரிசை மாறியிருக்கலாம். Posterize மேலேயும் Gradient Map கீழேயும் இருந்தால், நீங்கள் கொடுத்த நிறத்தையே போஸ்டரைஸ் வெட்டிவிடும். அது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனலையும் தனித்தனியாக வெட்டுவதால், உங்கள் ஆரஞ்சு பக்கத்தில் இருக்கும் வேறொரு நிறமாக மாறிவிடுகிறது. லேயரை இழுத்துக் கீழே விட்டால் தீர்ந்தது.

சாம்பலாக்காமல் வெட்டியிருக்கலாம். Black & White லேயர் இல்லாவிட்டாலும் இதே சேனல் கணக்குதான். ஒவ்வொரு சேனலிலும் நாலு படி என்றால் மொத்தம் 64 நிறங்கள் வரை வரலாம். Gradient Map கண்ணை அணைத்ததும் முகத்தில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுகள் தெரிந்தால் காரணம் இதுதான்.

நிறப் புள்ளிகள் தவறான இடத்தில் இருக்கலாம். அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. நாலு படியாக வெட்டினால் சாம்பல் மதிப்புகள் 0, 85, 170, 255 என்று வரும். கிரேடியன்ட் பட்டையில் அவை 0, 33, 67, 100 சதவீத இடங்கள். நீங்கள் புள்ளிகளை 0, 25, 50, 100 என்று கண் மதிப்பில் வைத்திருந்தால், 33-ஆம் இடத்தில் கிடைப்பது இரண்டு நிறங்களின் கலவைதான். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. ஐந்து படி என்றால் 0, 25, 50, 75, 100. மூன்று படி என்றால் 0, 50, 100.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு புள்ளிகள் வையுங்கள். முதல் நிறம் 0-லும் 24-லும், இரண்டாவது 25-லும் 49-லும் என்று போனால் பட்டையில் சாய்வு போய் நாலு தட்டையான கட்டங்கள் வந்துவிடும். சாம்பல் மதிப்பு கட்டத்துக்குள் எங்கே விழுந்தாலும் நிறம் துல்லியமாக நீங்கள் கொடுத்ததுதான். இந்தக் கட்ட முறைக்கு இன்னொரு பெரிய பயன் உண்டு. முகம் இருளும் கோளாறில் அதைச் சொல்கிறேன்.

அதே பேனலில் Dither குறியை எடுத்துவிடுங்கள். அது சாய்வு நிறத்துக்காக வைத்த வசதி, தட்டையான நிறத்துக்குத் தேவையில்லை.

## கன்னத்திலும் நெற்றியிலும் தேமல் போலத் திட்டுகள்

Curves லேயரைத் திறந்து கோட்டின் நடுவை மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். திட்டுகளின் உருவம் மேகம் போல மாறிக்கொண்டே இருந்தால், கன்னத்தின் வெளிச்சம் சரியாக இரண்டு படிகளின் எல்லையில் விழுகிறது என்று அர்த்தம். தோலின் சின்னச் சின்ன ஏற்ற இறக்கமெல்லாம் அங்கே எல்லையைத் தாண்டித் தாண்டி வருகிறது. செலவில்லாத வழி, கன்னம் முழுவதும் எல்லைக்கு ஒரே பக்கமாக வரும் வரை வளைவை நகர்த்துவதுதான். பல படங்களில் இதுவே போதும்.

போதவில்லை என்றால் படத்தில் நாய்ஸ் இருக்கிறது. புகைப்பட லேயரைத் தேர்ந்தெடுத்து Filter மெனுவில் Convert for Smart Filters கொடுங்கள். அப்புறம் Noise என்பதற்குள் இருக்கும் Median. முகம் மட்டும் 1500 பிக்சல் உயரம் இருக்கும் படத்தில் 6 முதல் 8 வரை வைத்துத் தொடங்கலாம். மீடியன் சின்னப் புள்ளிகளைத் தின்றுவிட்டுப் பெரிய ஓரங்களை ஓரளவு அப்படியே விடும். சாதாரண Gaussian Blur இரண்டையும் சேர்த்தே கரைத்துவிடும். இந்த மங்கலாக்கம் கட்டாயம் போஸ்டரைஸுக்கு அடியில்தான் நடக்க வேண்டும். மேலே செய்தால் திட்டுகள் போகாது, ஓரங்கள்தான் கலங்கும்.

திட்டுகள் சதுரம் சதுரமாகத் தெரிகின்றனவா? 300 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். 8 பிக்சல் அகல உயரத்தில் கட்டங்கள் தெரிந்தால் அது ஜேபெக் சுருக்கத்தின் தடம். அரட்டைச் செயலி வழியாக நாலு பேர் கை மாறி வந்த படத்தில் இது நிச்சயம் இருக்கும். இதோடு மல்லுக்கட்டாதீர்கள். எடுத்தவரிடமே கேட்டு, மூலக் கோப்பை டாக்குமெண்டாகவோ மெயிலிலோ அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து நிமிடக் கேள்வி இரண்டு மணி நேர வேலையை மிச்சப்படுத்தும்.

மூலப் படம் கிடைக்கவே வழியில்லை, இறந்துபோனவரின் ஒரே படம் அதுதான் என்றால், Photo-வுக்கு மேலே ஒரு புது லேயர் போட்டு, கன்னத்தின் சராசரி நிறத்தை எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் தடவிச் சமப்படுத்துங்கள். பொறுமையான வேலைதான், ஆனால் முடியும். முகமே தெளிவில்லாத பழைய படமாக இருந்தால், கையால் வரைந்து மீட்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுப்பதே நல்லது.

## பாதி முகம் இருளில் போய்விடுகிறது, முடியும் முகமும் ஒன்றாகிவிடுகின்றன

இதைத்தான் நான் மிக அதிகமாகச் சரிசெய்திருக்கிறேன். பெரும்பாலான பாடங்கள் வெளிர் தோலுள்ள மாடல் படங்களை வைத்து எழுதப்பட்டவை. அதே எண்களை நம் வீட்டு மாநிற, கறுநிற முகங்களுக்குப் போட்டால் படம் இருண்டுபோகிறது. குறை படத்தில் இல்லை. எல்லைகள் இருக்கும் இடம்தான் அந்த முகத்துக்குப் பொருந்தவில்லை.

ஃபோட்டோஷாப்பின் போஸ்டரைஸ் 0 முதல் 255 வரையிலான வெளிச்சத்தைச் சம பங்காக வெட்டுகிறது. நாலு படி என்றால் எல்லைகள் 64, 128, 192-ஐ ஒட்டி விழும். கிம்ப் மென்பொருளில் அருகிலுள்ள படிக்கு முழுமையாக்குவதால் எல்லைகள் சுமார் 43, 128, 213-இல் விழுகின்றன. ஒரே படம் இரண்டிலும் வேறு மாதிரி வருவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். அறுபது வயது அம்மா ஒருவர். கறுநிறம், நடு வகிடு, நெற்றியில் வட்டமான குங்குமம், தலையில் மல்லிகை. இடப்பக்க ஜன்னல் வெளிச்சத்தில் ஃபோனில் எடுத்த படம். Info பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு சாம்பல் படத்தின் மேல் சுட்டியை நகர்த்தினேன். முடி 10 முதல் 35 வரை. நிழல் பக்கக் கன்னம் 45 முதல் 60. வெளிச்சப் பக்கக் கன்னம் 95 முதல் 120. மல்லிகை 230-க்கு மேல். இப்போது 64-இல் வெட்டினால் என்ன ஆகும்? முடியும் நிழல் கன்னமும் ஒரே கறுப்புப் படிக்குள் போய்விடும். வெளிச்சக் கன்னம் முழுவதும் இரண்டாவது படியில் ஒரே தகடாக நிற்கும். மூன்றாவது படியில் பின்னால் இருக்கும் சுவரைத் தவிர ஒன்றுமில்லை. நாலாவது மல்லிகைக்கு மட்டும். முகத்துக்குக் கிடைப்பது மூக்கு வழியாக இறங்கும் ஒரே ஒரு கோடு.

முதலில் Black & White லேயரைத் தொடுங்கள், வளைவை அப்புறம் பார்க்கலாம். தோல் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் அதன் நிறம் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில்தான் இருக்கும். முடியில் நிறமே குறைவு. ஆகவே Reds, Yellows இரண்டையும் ஏற்றினால் தோல் வெளுக்கும், முடி அசையாது. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி பிறக்கும். வளைவால் இதைச் செய்ய முடியாது, அது முடியையும் தோலையும் சேர்த்தே தூக்கும்.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. Reds-ஐ ஏற்றியதும் குங்குமப் பொட்டும் வெளுத்து நெற்றியோடு கலந்துவிடும். பொட்டு காணாமல் போன படத்தை ஒரு அம்மாவிடம் நீட்ட முடியாது. தொடக்க மதிப்பு Reds 40, Yellows 60. நான் Yellows-ஐ 110 வரை ஏற்றி, Reds-ஐ 30-க்கு இறக்கினேன். தோலில் மஞ்சள் சாயல் இருப்பதால் அது உயர்ந்தது. குங்குமம் கிட்டத்தட்ட சுத்தச் சிவப்பு என்பதால் கறுப்பாகவே நின்றது. சில குங்குமம் இளஞ்சிவப்புப் பக்கம் சாய்ந்திருக்கும், அப்போது Magentas-ஐயும் இறக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, எல்லைகளை முகத்துக்கு ஏற்ப வையுங்கள். திரும்ப அளந்தபோது முடி 30-க்குள் இருந்தது, நிழல் கன்னம் 70 பக்கம், வெளிச்சக் கன்னம் 135 பக்கம், நெற்றி மேடும் மூக்கு நுனியும் 175-க்கு மேல். ஒவ்வொரு இரண்டுக்கும் நடுவில் ஒரு எல்லை வேண்டும், அவ்வளவுதான். 48, 100, 158 என்று வைத்தேன். 255-ஆல் வகுத்தால் 19, 39, 62 சதவீதம். இப்போது அந்தக் கட்ட முறை கைகொடுக்கிறது. போஸ்டரைஸ் லேயரை அணைத்துவிட்டு, கிரேடியன்ட் பட்டையிலேயே இப்படிக் கட்டங்களை அமைத்தேன்:

```
0  - 19   #1B1464
20 - 39   #D4145A
40 - 62   #F7931E
63 - 100  #FFF1A8
```

அடர் நீலத்தில் முடியும் பொட்டும், கருஞ்சிவப்பில் நிழல் கன்னம், ஆரஞ்சில் முகம், வெளிர் மஞ்சளில் மூக்கு நுனியும் மல்லிகையும். கட்ட முறையும் படிகளாக வெட்டுகிற வேலையைத்தான் செய்கிறது, ஆனால் எங்கே வெட்டுவது என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். சம பங்கு உங்கள் படத்துக்குப் பொருந்தினால் போஸ்டரைஸை வைத்துக்கொள்ளுங்கள். பொருந்தாதபோது அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

கண் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை என்றால் விழியின் வெள்ளையைச் சோதியுங்கள். வெள்ளை என்று நாம் நினைக்கும் பகுதி, இமை நிழலில் பல நேரம் கன்னத்தைவிடக் கறுப்பாக இருக்கும். கன்னத்தின் படியிலேயே அது விழுந்தால் பார்வை இல்லாத முகமாகத் தெரியும். Photo-வுக்கு மேலே புது லேயரில், Opacity 25 வைத்த வெள்ளை பிரஷ்ஷால் இரண்டு மூன்று தடவல். விழியின் ஓரத்தில் ஒரு கீற்று மேல் படிக்கு ஏறினாலே முகத்துக்கு உயிர் வந்துவிடுகிறது.

நிழல் பக்கம் அளக்கும்போது எண்கள் 0, 1, 2 என்றே வந்தால் அங்கே தகவலே இல்லை. எந்த வளைவும் அதை மீட்காது. ஆள் கிடைப்பார் என்றால் ஜன்னல் அருகே உட்கார வைத்து, நிழல் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு வேறு படம் எடுங்கள்.

## முகம் நெகட்டிவ் போலத் தெரிகிறது

எளிய காரணம், Gradient Map பேனலில் Reverse குறி விழுந்திருக்கும். எடுத்துவிடுங்கள்.

அது இல்லையென்றால் நிறங்களின் வெளிச்ச வரிசை உடைந்திருக்கிறது. இருண்ட படிக்கு மஞ்சளும் அடுத்த படிக்கு நீலமும் கொடுத்தால், நிழல் பளிச்சென்றும் கன்னம் இருண்டும் போகும். எந்த நிறக் குடும்பத்தையும் எடுங்கள், ஆனால் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஒவ்வொரு படியும் முந்தையதைவிட வெளுப்பாக இருக்கட்டும். சோதிக்க, எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு நிரப்பிய ஒரு லேயரை வைத்து அதன் Blend Mode-ஐ Color ஆக்குங்கள். நிறங்கள் போய் அவற்றின் வெளிச்சம் மட்டும் சாம்பலாக நிற்கும். அதில் முகம் முகமாகத் தெரிந்தால் சரி. தெரியவில்லை என்றால் எந்த நிறம் இடம் மாறியிருக்கிறது என்று அதிலேயே புரிந்துவிடும். சோதனை முடிந்ததும் அந்த லேயரை மறக்காமல் நீக்குங்கள்.

"ஆனால் வார்ஹால் படங்களில் நீல முகமும் பச்சை முகமும் நன்றாகத்தானே இருக்கின்றன?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கான பதில் அடுத்த கோளாறில் இருக்கிறது.

## உதடு, கண்ணிமை, புடவைக்குத் தனி நிறம் வரவில்லை

இது அமைப்புகளைத் திருகித் தீர்க்கக்கூடிய கோளாறு இல்லை, ஏனென்றால் கருவி அதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. கிரேடியன்ட் மேப் வெளிச்சத்தை மட்டுமே பார்க்கிறது. உதட்டின் வெளிச்சமும் நிழல் கன்னத்தின் வெளிச்சமும் ஒன்றாக இருந்தால் இரண்டுக்கும் ஒரே நிறம்தான் வரும்.

ஆண்டி வார்ஹால் 1962-இல் மர்லின் மன்றோ படங்களைச் செய்தபோது பின்பற்றிய வழி வேறு. முகம், கூந்தல், உதடு, இமை என்று பகுதி பகுதியாகத் தட்டையான நிறத்தை முதலில் துணியில் பூசிவிட்டு, புகைப்படத்தைக் கறுப்பு மையில் சில்க் ஸ்கிரீன் மூலம் அதன் மேல் அச்சிட்டார். படத்தின் உருவத்தைத் தாங்குவது மேலே இருக்கும் கறுப்புத்தான். அதனால்தான் அடியில் எந்த நிறம் இருந்தாலும் முகம் கலையவில்லை.

அதே தோற்றம் வேண்டுமென்றால் வரிசையையும் அப்படியே அமைக்க வேண்டும். புகைப்படத்தை நகலெடுத்து ஒரு தனி Group-க்குள் வையுங்கள். அதற்குள் Black & White, அதன் மேல் Threshold. குரூப்பின் Blend Mode-ஐ Multiply ஆக்குங்கள். வெள்ளை மறைந்து கறுப்பு மட்டும் நிற்கும். Threshold 128-இல் தொடங்கும். கண், மூக்குத் துவாரம், உதட்டுக் கோடு, முடி ஆகியவை மட்டும் கறுப்பில் நிற்கும் வரை அதை இறக்குங்கள். மேலே சொன்ன அம்மாவின் படத்தில் அது 60-ஐ ஒட்டி நின்றது. இந்தக் குரூப்புக்கு அடியில் புது லேயர்கள் போட்டு, Lasso கருவியால் முகம், உதடு, புடவை என்று வெட்டித் தட்டையான நிறம் நிரப்புங்கள். ஓரம் கறுப்புக் கோட்டுக்கு அடியில் கொஞ்சம் உள்ளே போகட்டும். மயிரிழை பிசகாமல் வெட்ட வேண்டியதில்லை. நிறம் சற்றே விலகி நிற்பதுதான் ஸ்கிரீன் அச்சின் அழகு.

இல்லை, வெளிச்சப் படிகளும் வேண்டும், புடவைக்கு மட்டும் வேறு நிறக் கூட்டம் வேண்டும் என்றால் இரண்டு கிரேடியன்ட் மேப் போட்டு மாஸ்க்கால் பிரிக்கலாம். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. இரண்டாவது மேப்பை முதலாவதின் மேல் வைத்து, அதற்கு மட்டும் மாஸ்க் போடுகிறார்கள். அப்போது அது அடியில் இருக்கும் சாம்பலைப் படிக்காமல், முதல் மேப் ஏற்கெனவே நிறமேற்றிய படத்தின் வெளிச்சத்தைப் படிக்கிறது. படிகள் இடம் மாறிப்போகும். முதல் மேப்பின் மாஸ்க்கில் புடவைப் பகுதியைக் கறுப்பாக்கி மறைத்துவிட்டு, இரண்டாவதின் மாஸ்க்கில் அதே பகுதியை மட்டும் வெள்ளையாக விட வேண்டும்.

## ஃபிளாட்டன் செய்ததும் படம் மாறிவிட்டது

50 சதவீதத்தில் பார்த்தபோது கன்னம் வழவழப்பாக இருந்தது, Flatten Image கொடுத்ததும் புள்ளி புள்ளியாகிவிட்டது என்பார்கள். சுருக்கிக் காட்டும்போது ஃபோட்டோஷாப் படத்தின் சிறிய பிரதி ஒன்றை வைத்துக் கணக்கிட்டுக் காட்டுகிறது. சிறிய பிரதியில் நாய்ஸ் சராசரியாகிக் காணாமல் போயிருக்கும். உண்மையான நிலை 100 சதவீதத்தில்தான் தெரியும். `Ctrl+1` அழுத்திப் பார்த்து, புள்ளி இருந்தால் மீடியனைக் கூட்டுங்கள். எல்லா முடிவுகளையும் 100-இல் வைத்தே எடுங்கள்.

## ஓரங்கள் படிக்கட்டு போல இருக்கின்றன

போஸ்டரைஸ் ஓரங்களை மென்மையாக்காது. ஒரு பிக்சல் இந்தப் படியில் இருக்கும், அடுத்தது அந்தப் படியில் இருக்கும். சின்னப் படத்தைப் படிகளாக வெட்டிவிட்டு, முடிந்த படத்தை அச்சுக்காகப் பெரிதாக்கினால் அந்தப் பல் வரிசையும் சேர்ந்து பெரிதாகும்.

வரிசையை மாற்றுங்கள். 12 அங்குலச் சதுரத்தை 300 டிபிஐயில் அச்சிட 3600 பிக்சல் வேண்டும். உங்கள் படம் 1200 பிக்சல்தான் என்றால், வெட்டுவதற்கு முன்பே புகைப்படத்தை Image Size வழியாக 3600-க்குப் பெரிதாக்கி, அந்த அளவில் மீடியன் கொடுத்து, அப்புறம் படிகளாக வெட்டுங்கள். பெரிதாக்கிய புகைப்படம் கலங்கலாகத்தான் இருக்கும். பரவாயில்லை. அந்தக் கலங்கலைக் குறுக்கே வெட்டும்போது எல்லை 3600 பிக்சல் அளவிலேயே புதிதாகப் பிறக்கிறது, வழவழப்பாக வருகிறது. சாதாரணப் புகைப்பட அச்சுக்குப் போதாத படம்கூடப் பாப் ஆர்ட்டுக்குப் போதுவது இதனால்தான்.

சேமிக்கும்போது ஜேபெக் வேண்டாம். தட்டையான நிறங்களின் ஓரத்தில், அதுவும் சிவப்பு ஓரத்தில், அது கறை விடும். பிஎன்ஜி கொடுங்கள். ஆள் உயர ஃபிளெக்ஸ் என்றால் படத்தை வெக்டராக மாற்ற வேண்டியிருக்கும். இன்க்ஸ்கேப்பின் Trace Bitmap நாலு நிறப் படத்தை நன்றாகவே பிடிக்கும். கண்ணும் உதடும் சிதைந்து வந்தால் அங்கே மட்டும் கையால் திருத்த வேண்டும். அது பழக்கமில்லையென்றால் வெக்டர் வேலை தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள்.

## திரையில் ஜொலிக்கிறது, அச்சில் மங்கிவிட்டது

`Ctrl+Y` அழுத்துங்கள். அச்சில் வரக்கூடிய நிறத்தை ஃபோட்டோஷாப் தோராயமாகக் காட்டும். திரையிலேயே படம் சோர்ந்துபோனால், நீங்கள் தேர்ந்தெடுத்த நிறங்கள் அச்சு மையின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. நியான் பச்சை, மின்னும் நீலம், திரை ரோஜா மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள். நீலம் ஊதாவாகச் சாயும், பச்சை பாசி நிறமாகும்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே மையிலிருந்து தொடங்குங்கள். Color Picker-இல் C, M, Y, K பெட்டிகள் இருக்கின்றன. மஞ்சளுக்கு Y 100 மட்டும், மஜெந்தாவுக்கு M 100 மட்டும், சயானுக்கு C 100 மட்டும், சிவப்புக்கு M 100 Y 100, ஆரஞ்சுக்கு M 50 Y 100. இவை அச்சு இயந்திரத்தால் அழுக்கில்லாமல் தர முடிந்த நிறங்கள். இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாப் ஆர்ட்டுக்கு வேண்டிய அடி கிடைக்கும். பளிச்சென்ற உணர்வு, ஒரு நிறம் பக்கத்து நிறத்தோடு மோதுவதிலிருந்தும் வருகிறது. ஆரஞ்சுக்குப் பக்கத்தில் நீலத்தை வைத்துப் பார்த்தால் தெரியும்.

அப்படியும் நியான் நிறமே வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், சாதாரண டிஜிட்டல் அச்சில் பணத்தைச் செலவழிக்காதீர்கள். ஒளிரும் மையில் அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையைத் தேடிப் போங்கள். அவர்களுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகக் கறுப்பு ஃபிலிம் வேண்டும். நாலு தட்டையான நிறம் இருக்கும் படத்தில் அதைப் பிரிப்பது சுலபம். நிறங்களை ஒன்றன் மேல் ஒன்று கொஞ்சம் ஏறவிட்டு இடைவெளி தெரியாமல் செய்வதை மட்டும் நீங்களே முயலாதீர்கள். எவ்வளவு ஏற வேண்டும் என்பது அவர்களுடைய துணியையும் மையையும் பொறுத்தது. லேயர் கலைக்காத பிஎஸ்டி கோப்பையும், நாலு நிறத்தின் மாதிரி ஒட்டிய ஒரு தாளையும் கொடுத்துவிட்டு, முழு எண்ணிக்கையையும் அடிப்பதற்கு முன் ஒரே ஒரு சோதனை அச்சு கேளுங்கள். அதைக் கடைக்குள் இருக்கும் குழல்விளக்கில் பார்க்காமல் வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்துச் சரி சொல்லுங்கள்.